வீசிங் முற்றினால் ஸ்பேசரில் எத்தனை பஃப், 108-ஐ எப்போது கூப்பிடுவது?

"என் பையனுக்கு 9 வயது, ஆஸ்துமா இருக்கிறது. சீட்டில் டாக்டர் 'தேவைப்பட்டால் 2 பஃப்' என்று எழுதியிருக்கிறார். போன வாரம் ராத்திரி வீசிங் ரொம்ப அதிகமாகி, 2 பஃப் கொடுத்தும் குறையவில்லை. மேலே கொடுக்கப் பயமாக இருந்தது, இதயத்தைப் பாதிக்கும் என்கிறார்கள். கடுமையாக வந்தால் ஸ்பேசரில் எத்தனை பஃப், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்? 108-ஐ எப்போது கூப்பிட வேண்டும்?"

உங்கள் பையன் வயதில் 10 பஃப் வரை கொடுக்கலாம். ஒரே மூச்சில் அல்ல, ஒவ்வொன்றாக, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு. நடுவில் நன்றாகத் தேறிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். 10 கொடுத்தும் தேறவில்லை என்றால் அந்த நிமிடமே 108. ஆனால் ஆரம்பத்திலேயே மூச்சிரைப்பால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுகிறான் என்றால், 10 பஃப் முடியும் வரை காத்திருக்காதீர்கள். ஒருவர் 108-க்குப் பேச, இன்னொருவர் பஃப் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். வண்டி வர நேரமானால், முதல் சுற்று முடிந்து 10 நிமிடம் கழித்து இன்னொரு 10.

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் 14 வருடம் நர்ஸாக இருந்தவன். மேலே சொன்னது சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு, அதாவது ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம் வருகிற சாதாரண நிவாரண இன்ஹேலருக்கு. லெவோசால்பியூட்டமால் 50 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தாலும் பஃப் கணக்கு இதேதான், ஏனென்றால் அந்த 50 இந்த 100-க்குச் சமம். உங்கள் டாக்டர் இவனுக்கென்று தாக்குதல் நேரத் திட்டம் ஒன்றை எழுதித் தந்திருந்தால், என் கணக்கை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள். ஆனால் "தேவைப்பட்டால் 2 பஃப்" என்பது அப்படிப்பட்ட திட்டம் இல்லை. விளையாடப் போகும் முன்போ, லேசாக நெஞ்சு இறுகும்போதோ எடுத்துக்கொள்வதற்கான அளவு அது. சீட்டில் அந்த ஒரு வரி மட்டும் இருப்பதால் பெற்றோர் அதையே உச்சவரம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2 பஃப் கொடுத்துவிட்டு விடியும் வரை குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் 2 போதாது? தாக்குதலின்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது, உட்சுவர் வீங்கிவிடுகிறது, மிச்சம் இருக்கும் வழியைச் சளி அடைக்கிறது. முதலில் கொடுக்கும் பஃப்பில் வரும் மருந்து, ஏற்கெனவே கொஞ்சம் திறந்திருக்கும் குழாய்களுக்குத்தான் போகும், அடைபட்ட இடத்துக்குப் போகாது. அந்த மருந்து வேலை செய்து வழி கொஞ்சம் விரிந்தால்தான் அடுத்த பஃப் இன்னும் உள்ளே போக முடியும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் கொடுப்பது இதற்காகத்தான்.

இதயம் விஷயத்துக்கு வருகிறேன். 10 பஃப் என்பது மொத்தம் 1 மில்லிகிராம் சால்பியூட்டமால். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்கும்போது ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை உடைத்து ஊற்றுவார்களே, அதில் 2.5 மில்லிகிராம் இருக்கிறது. அதைக் கடுமையான நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை வைப்பது வழக்கம். நெபுலைசர் மருந்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்பது உண்மைதான். ஆனாலும் 10 பஃப் பயப்படும்படியான அளவு இல்லை. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூங்கவிடாமல் துறுதுறு என்று இருப்பான். இரண்டு மூன்று மணி நேரத்தில் அது அடங்கிவிடும். மூச்சு கிடைக்காமல் போவதுதான் இதயத்துக்கு உண்மையான ஆபத்து. பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை என்றால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். இதற்காக அளவே கிடையாது என்று சொல்லவில்லை. மீண்டும் மீண்டும் நிறையக் கொடுக்கும்போது இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் பார்க்க முடியாது. அதனால் இரண்டாவது சுற்று என்பது வண்டி வரும்வரை சமாளிப்பதற்கே. ராத்திரி முழுக்க 10, 10 என்று கொடுத்து வீட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

சரி, எப்படிக் கொடுப்பது? எண்ணிக்கையைவிட இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது.

பையனை உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து, கையை மேசையிலோ தலையணையிலோ ஊன்றிக்கொண்டால் அவனுக்கே சுலபமாக இருக்கும். மூடியைக் கழற்றி, இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கத்தில் நேராகச் செருகுங்கள். வாய்ப்பகுதியைப் பல்லுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை அழுத்துங்கள். உடனே வாய் வழியாக 5 அல்லது 6 தடவை மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள். ஸ்பேசருக்குள் இருக்கும் சின்ன வால்வு ஒவ்வொரு இழுப்புக்கும் அசையும், சிலவற்றில் 'டிக்' என்று கேட்கவும் செய்யும். அது அசைந்தால் மருந்து உள்ளே போகிறது என்று அர்த்தம். பிறகு இன்ஹேலரை மறுபடி குலுக்கி அடுத்ததை அழுத்துங்கள். மூச்சை அடக்கி வைக்கச் சொல்லத் தேவையில்லை, தாக்குதல் நேரத்தில் எந்தக் குழந்தையாலும் அது முடியாது.

அவசரத்தில் எல்லோரும் செய்வது, இரண்டு மூன்று பஃப்பைச் சேர்த்து ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு, "இழு இழு" என்று சொல்வது. நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் 10 என்று எண்ணியிருப்பீர்கள், நுரையீரலுக்குப் போனது அதைவிட மிகக் குறைவாக இருக்கும். அழுத்திவிட்டுக் குழந்தையின் வாயில் வைக்கச் சில விநாடி தாமதித்தாலும் இதே கதிதான். முதலில் வாயில் வைக்க வேண்டும், அப்புறம்தான் அழுத்த வேண்டும்.

9 வயதுக்கு வாய்ப்பகுதி போதும். ஆனால் களைத்துப்போய் உதட்டை இறுக மூடக்கூட முடியவில்லை என்றால் மாஸ்க் நல்லது, மூக்கையும் வாயையும் மூடி இடைவெளி இல்லாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வீட்டில் பழைய மாஸ்க் இருந்தால் தூக்கிப் போடாமல் ஸ்பேசர் பையிலேயே வைத்திருங்கள்.

இப்போது எதைப் பார்த்துக் கடுமை என்று முடிவு செய்வது? வீசிங் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. சத்தம் வர காற்று ஓட வேண்டும். நோய் முற்றிக் காற்றோட்டமே குறைந்துபோனால் விசில் சத்தமும் நின்றுவிடும். "சத்தம் அடங்கிடுச்சு சிஸ்டர், தூங்கிட்டான், அதான் காலையில கூட்டிட்டு வந்தோம்" என்று ஒரு தாத்தா என் சக நர்ஸிடம் சொன்னது நினைவிருக்கிறது. தூங்கவில்லை, களைத்து மயங்கும் நிலையில் இருந்தான். சத்தம் குறைந்து, குழந்தை எழுந்து உட்கார்ந்து பேசித் தண்ணீர் கேட்டால் அது தேறுவது. சத்தம் குறைந்து, அதோடு பேச்சும் குறைந்து, கண் சொருகினால் அது ஆஸ்துமாவின் மிக மோசமான கட்டம்.

அதனால் பேச்சைப் பாருங்கள். பெயரையும், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினால் கடுமை. அப்புறம் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும், கழுத்துக்குக் கீழே உள்ள குழியிலும் தோல் உள்ளே ஒட்டிப்போகிறதா? மூக்குத் துளை விரிகிறதா? ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். 5 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் கடுமை என்றே கணக்கு. உதடு நீலமாவதை நம் நிறத்தில் வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் பூத்ததுபோல் இருந்தாலே போதும், நீலம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

கொரோனாவுக்குப் பிறகு நிறைய வீட்டில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. 92-க்குக் கீழே காட்டினால் உடனே 108. ஆனால் 95 காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். குழந்தை தன் முழு பலத்தையும் போட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்வரை அந்த எண் நன்றாகவே இருக்கும். பலம் தீர்ந்த பிறகுதான் சரியும், அப்போது வேகமாகச் சரியும். கறுத்த தோலில் அந்தக் கருவி உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதும் உண்டு. கருவி ஒன்று சொல்ல, குழந்தையைப் பார்த்தால் வேறாகத் தெரிந்தால் குழந்தையைத்தான் நம்புங்கள்.

ஒரு ராத்திரி நடந்ததை அப்படியே சொல்கிறேன், நேரக் கணக்கு புரியும். என் அக்கா பையன், அப்போது 8 வயது. 2:15-க்கு அக்கா போன். "தம்பி, ரெண்டு மணியிலேர்ந்து இவனுக்கு இழுப்பு. நாலு பஃப் குடுத்துட்டேன், கேக்கல." எப்படிக் கொடுத்தாய் என்றேன். இரண்டு இரண்டாகச் சேர்த்து அடித்திருக்கிறாள். "அவன்கிட்ட போனைக் குடு" என்றேன். "எந்த கிளாஸ்டா படிக்கிறே?" "மாமா... நான்... மூணாம்..." அதற்கு மேல் வரவில்லை, மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. இதற்குமேல் கேட்க எதுவும் இல்லை. அத்தானின் போனில் 108-க்குக் கூப்பிடச் சொன்னேன். "ஆஸ்துமா, எட்டு வயசு, பேச முடியல" என்பதை முதல் வரியாகச் சொல்லி, பிறகு தெருமுனையில் உள்ள கோயிலை அடையாளமாகச் சொல்லச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பித் தெருமுனையில் நிற்க வைத்தார்கள். சந்து வீடுகளில் இது நாலைந்து நிமிடம் மிச்சப்படுத்தும்.

அக்கா கொடுத்த அந்த 4 பஃப்பை நான் கணக்கில் சேர்க்கவில்லை, முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு நான் எண்ணினேன்: குலுக்கு, வை, அழுத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. 2:19-க்குத் தொடங்கி 10 பஃப் முடிய 2:26 ஆனது. மறுபடி வகுப்பைக் கேட்டேன். "மூணாம் கிளாஸ்... ஏ செக்ஷன்" என்றான். கொஞ்சம் தேறியிருந்தது, ஆனால் விலா இன்னும் உள்ளே இழுக்கிறது என்றாள் அக்கா. "கொஞ்சம் பரவாயில்லையே, வண்டி வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று கேட்டாள். நிறைய வீட்டில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றேன். 2:36-க்கு இரண்டாவது சுற்றை ஆரம்பித்தாள். ஆறாவது பஃப் போய்க்கொண்டிருந்தபோது வண்டி வந்துவிட்டது. வண்டியில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு நெபுலைசர், ஸ்டீராய்டு மருந்து. இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். முதல் சுற்றில் தெரிந்த முன்னேற்றத்தை நம்பி வீட்டிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அக்கா இன்றும் கேட்பாள்.

வண்டி வராது, நேரமாகும் என்று தெரிந்தால் ஆட்டோவோ காரோ பிடித்துக் கிளம்பலாம், ஆனால் இரண்டு பேர் கூட வேண்டும். ஓட்டுகிறவர் தவிர ஒருவர் பின்னால் உட்கார்ந்து பஃப் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். பைக்கில் இருவருக்கு நடுவில் குழந்தையை நெருக்கி உட்கார வைத்துக் கொண்டுபோவது மட்டும் வேண்டாம். நெஞ்சு நசுங்கும், குளிர்காற்று முகத்தில் அடிக்கும், வழியில் ஒரு பஃப்கூடக் கொடுக்க முடியாது, மயங்கினால் தெரியவும் தெரியாது.

சிலர் "ஆஸ்திரேலியாவில் 4 பஃப் என்கிறார்களே, இங்கே 10 என்கிறீர்களே" என்று குழம்புவார்கள். அங்கே பள்ளிகளில் சொல்லிக் கொடுப்பது நாலு நாலாக: 4 பஃப், ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு, 4 நிமிடம் காத்திருப்பு, தேறவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அது வரும்வரை இதையே தொடர்வது. பிரிட்டனில் சொல்வதுதான் நான் மேலே சொன்ன 10 பஃப் முறை. ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியில் டாக்டர்களுக்குச் சொல்லியிருப்பது, முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 4 முதல் 10 பஃப். எண்கள் வேறு, எல்லாவற்றிலும் உள்ள ஒழுங்கு ஒன்றுதான்: ஒவ்வொன்றாகக் கொடு, நிறுத்திப் பார், தேறவில்லை என்றால் உதவியைக் கூப்பிட்டுவிட்டுத் தொடர்ந்து கொடு. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் அதையே பழகுங்கள். 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. வீட்டில் மாஸ்க் வைத்து 2 பஃப், 20 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. 2 மணி நேரத்தில் 6 பஃப்புக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி. ஆபத்தான அறிகுறி தெரிந்தால் இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் உடனே 108.

10 பஃப் கொடுத்தும் துளிகூட மாற்றம் இல்லை என்றால் நோய் முற்றியிருக்கலாம், அல்லது இன்ஹேலரில் மருந்தே இல்லாமலும் இருக்கலாம். இது சிரிப்பதற்கில்லை. 200 பஃப் உள்ள டப்பாவில் மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு மிச்சம் இருக்கும், அழுத்தினால் 'புஸ்' என்று அடிக்கும். குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. எண் காட்டும் மீட்டர் உள்ள இன்ஹேலரை வாங்குங்கள். இல்லாவிட்டால் வாங்கிய தேதியை மேலே எழுதி வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். புதிதாகப் பிரித்ததையோ பல நாளாகத் தொடாததையோ முதலில் காற்றில் இரண்டு முதல் நான்கு தடவை அடித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, இன்ஹேலர் மாறிப்போவது. தினமும் காலை மாலை எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை இந்த நேரத்தில் 10 தடவை அடித்துப் பயனில்லை. நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். ஃபார்மோட்டெரால் கலந்த இன்ஹேலரையே நிவாரணத்துக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் அதற்குக் கணக்கே தனி, மேலே சொன்ன 10 பஃப் அதற்குப் பொருந்தாது.

ஸ்பேசர் ஊரில் விட்டுவிட்டு வந்துவிட்டால்? 1999-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் தாக்குதலோடு வந்த குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலரின் வாய் அளவுக்குத் துளை போட்டு, இடுக்கில்லாமல் ஒட்டி, பாட்டில் வாயிலிருந்து மூச்சிழுக்க வைத்தால் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. இடுக்கு இருந்தால் பலன் குறைந்தது, தெர்மோகோல் கப் எல்லாவற்றையும்விட மோசம். காலித் தண்ணீர் பாட்டிலும் காய்ச்சிய கம்பியும் எல்லா வீட்டிலும் கிடைக்கும். பிளாஸ்டிக்கில் உள்ள மின்னூட்டம் மருந்தைச் சுவரோடு இழுத்து ஒட்டவைத்துவிடும், அதனால் முதலில் வெறுமனே நாலைந்து பஃப் உள்ளே அடித்து அதை அடக்கிவிட்டுக் கொடுங்கள். கடை ஸ்பேசரிலும் இதே பிரச்சினை உண்டு. அதனால்தான் அதைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடச் சொல்வது.

வீட்டில் நெபுலைசர் மெஷின் வாங்கி வைக்கலாமா என்று கேட்கப்போகிறீர்கள் என்றால், தேவையில்லை என்பதுதான் என் பதில். உயிருக்கு ஆபத்தான கட்டம் தவிர மற்ற தாக்குதல்களில் ஸ்பேசர் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. குழந்தைகளுக்கு ஸ்பேசரில் படபடப்பும் குறைவு. மழை நாளில் ராத்திரி கரண்ட் போனால் அந்த மெஷின் ஒரு டப்பாதான். ஆவி பிடிக்க வைப்பது, நெஞ்சில் தைலம் தேய்ப்பது இரண்டும் தாக்குதலை நிறுத்தாது, நேரத்தைத்தான் தின்னும்.

வேர்க்கடலையோ இறாலோ சாப்பிட்ட பிறகோ, குளவி கொட்டிய பிறகோ திடீரென்று வீசிங் வந்து, உடம்பில் தடிப்பும் உதட்டு வீக்கமும் சேர்ந்து தெரிந்தால் அது வெறும் ஆஸ்துமா இல்லை. அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும். பஃப் கொடுத்துக்கொண்டே உடனே 108. முன்பு எப்போதாவது ஐசியுவில் இருந்த குழந்தைக்கும் பஃப்பை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள்.

ஆறேழு பஃப்பிலேயே தேறி, பேசி, விலா இழுப்பு நின்றுவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் சால்பியூட்டமாலின் வேகம் மூன்று நான்கு மணி நேரம்தான். தசை தளர்ந்தது, வீக்கம் அப்படியே இருக்கிறது. வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும், அதுவும் வேலை செய்ய நாலு மணி நேரம் போலப் பிடிக்கும். அதனால் ராத்திரி 2 மணிக்குத் தேறினான் என்றால் மணிக்கொரு தரம் எழுந்து பாருங்கள், 5 மணிக்கு அலாரம் வைத்து அவனை எழுப்பிப் பேச வையுங்கள். 4 மணி நேரத்துக்குள் மறுபடி பஃப் தேவைப்பட்டால் விடிய வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரி. தேவைப்படாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அவன் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி. இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையில் எடுத்துப் போய், நீங்கள் கொடுப்பதை அவர் முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள். அந்த "2 பஃப்" வரிக்குக் கீழே, தாக்குதல் வந்தால் எத்தனை, எப்போது 108, வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை வைத்துக்கொள்ளலாமா, இவன் எடைக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிவிட்டு வாருங்கள்.